காலை 7.45க்குத் திறக்கும் சந்தை

துபாயில் ஜெபல் அலிப் பகுதியில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை எனக்கு வேலை. ஊர் சேலம் சிவதாபுரம். கிடங்கிலிருந்து பேருந்தில் அறைக்கு வந்து சேரும்போது மணி 7.35 ஆகியிருக்கும். இந்திய நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடுவதால், ஊரில் 9.15க்குத் திறக்கும் பங்குச் சந்தை எனக்குக் காலை 7.45க்குத் திறந்துவிடும். காலணியைக் கழற்றும் நேரமும் சந்தை திறக்கும் நேரமும் ஒன்றாக அமைந்ததை, நான் முதலில் அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் இரண்டு மணி நேரம் வர்த்தகம் செய்துவிட்டுத் தூங்கலாம் என்பது கணக்கு. 2021 ஆகஸ்ட் முதல் 2022 செப்டம்பர் வரை 14 மாதங்கள் அப்படித்தான் செய்தேன். அந்தக் காலத்தில் என் கையைவிட்டுப் போனது 2,86,000 ரூபாய்.

அதில் இன்னொரு தவறும் இருந்தது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கு நம் பங்குச் சந்தையில், வாங்கியதை அன்றே விற்கும் இன்ட்ராடே வர்த்தகம் அனுமதிக்கப்படவில்லை; பங்கை வாங்கினால், பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் அது வந்து சேர்ந்த பிறகே விற்க வேண்டும். இது தெரிந்தும், சேலத்தில் இருக்கும் தம்பி பெயரில் ஒரு கணக்கைத் திறக்கச் செய்து, அதன் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு நான் இயக்கினேன். வளைகுடாவில் பலர் இதை ஒரு சாதாரண ஏற்பாடாகப் பேசுவதால் எனக்கும் உறுத்தவில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில், தான் பார்க்காத வர்த்தகங்களுக்கெல்லாம் தம்பி தன் பெயரில் கணக்குக் காட்ட வேண்டிவந்தபோதுதான், என் சுமையை அவன் தலையில் வைத்திருக்கிறேன் என்பது புரிந்தது.

2022 நவம்பரில் இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்தேன். பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்த உடல் ஊரில் வந்தும் இரவில் தூங்காது. விடிய விடிய மாடியில் உட்கார்ந்து, தரகரின் தளத்திலிருந்து எடுத்த வர்த்தகப் பட்டியலை ஒரு நீள நோட்டில் வரிசையாக எழுத ஆரம்பித்தேன். மொத்தம் 412 வர்த்தகங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் நேரம், வாங்கிய காரணம், விற்ற காரணம் என்று மூன்று கட்டம் போட்டேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் முக்கால்வாசிக்கு எனக்கு எதுவும் எழுத வரவில்லை. “வேகமாக ஏறியது”, “முந்தைய நட்டத்தை எடுக்க” என்பவைதான் திரும்பத் திரும்ப வந்தன. நட்டத்தில் 61,000 ரூபாய் வெறும் தரகும் வரியும் கட்டணங்களும்.

நேரக் கட்டத்தைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. நான் பிற்பகல் 3 மணிக்கு எழுபவன். மறுநாள் காலை 7.45க்குத் திரையைத் திறக்கும்போது, ஏறக்குறைய 17 மணி நேரம் விழித்திருக்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் காட்டியிருக்கிறார்கள். சில நாடுகளில் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் எல்லை அது. அந்த நிலையில், சந்தையின் மிக வேகமான முதல் மணி நேரத்தில், கடன் வாங்கிய மார்ஜினில் நான் முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் விட்டது, நட்டத்தில் இருக்கும்போது மேலும் வாங்கியது ஆகிய இரண்டும் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்திருந்தன.

சிவதாபுரத்தில் என் தாய்மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு நாள் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவருக்குப் பங்குச் சந்தை தெரியாது. ஆனால் கணக்கு தெரியும்.

“மாப்ள, கடைக்காரர் ஒரு கிலோ வெள்ளி எடை போட்டுக் கொடுக்கும்போதே சேதாரம் எத்தனை கிராம்னு பேசித்தான் எடுத்துட்டு வர்றோம். அதுக்கு மேல போச்சுன்னா கூலியில புடிச்சுக்குவாங்க. நீ நானூறு தடவை எடுத்திருக்கே. ஒரு தடவையாவது சேதாரம் எவ்வளவுன்னு முன்னாடியே பேசுனியா?” என்றார்.

நான் பேசியிருக்கவில்லை. அன்றைக்கு அந்த நோட்டில் நான்காவது கட்டம் போட்டு அதற்குச் “சேதாரம்” என்று பெயர் எழுதினேன். இன்றும் என் நோட்டில் அந்தச் சொல்தான் இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே, இந்த வர்த்தகம் தவறினால் இவ்வளவுதான் போகும் என்று ரூபாயில் எழுதி வைக்கும் தொகை அது.

412இல் 23 வர்த்தகங்கள் மட்டும் வேறு வகையாக இருந்தன. வேலைப்பளு மிகுந்த வாரங்களில் காலையில் திரை பார்க்க முடியாமல், மாலையில் பார்த்து மறுநாளுக்கு ஆர்டர் போட்டு, டெலிவரியாக எடுத்துச் சில நாட்கள் வைத்திருந்தவை அவை. ஏறுமுகத்தில் உள்ள ஒரு பங்கு சற்று இறங்கி இளைப்பாறும்போது வாங்கியவையே அவற்றில் அதிகம். அந்த 23 மட்டும் சேர்ந்து 18,000 ரூபாய் சொச்சம் லாபத்தில் நின்றன. 23 என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதை வைத்து எதையும் நம்பிவிட முடியாது. ஆனால் தேடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது.

மீதி விடுப்பின் இரவுகளை அதற்குச் செலவிட்டேன். பெரிய நிறுவனங்களில் 30 பங்குகளை எடுத்துக்கொண்டு, 2018 முதல் 2022 வரையிலான தினசரி வரைபடங்களைத் திரையில் விரித்து, வலப்பக்கத்தை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளாக அட்டையை நகர்த்திப் பார்த்தேன். அடுத்து என்ன நடந்தது என்பது கண்ணில் பட்டுவிட்டால், விதி பொருந்துகிறது என்று நம் மனம் தானே முடிவு செய்துவிடும் என்பதால்தான் அட்டை. விதிகள் முழுதும் பொருந்திய இடங்கள் 140 கிடைத்தன. அவற்றில் 57 இடங்களில், லாபத்தோடு விற்க வைத்த இலக்கு விலை முதலில் வந்தது. 61 இடங்களில், இதற்குக் கீழே போனால் விற்றுவிட வேண்டும் என்று வைத்த ஸ்டாப் லாஸ் விலை முதலில் வந்தது. மற்ற 22 இரண்டுமின்றி நின்றன. தோல்விகள் வெற்றியைவிட அதிகம். இலக்கு, சேதாரத்தைப் போல் இரு மடங்காக இருப்பதால் மட்டுமே மொத்தத்தில் மிச்சம் நின்றது. இதிலும் ஒரு குறை உண்டு. இன்றைய பட்டியலில் இருக்கும் பங்குகளைத்தான் நான் எடுத்தேன். இடையில் நொடித்துப் பட்டியலிலிருந்து விழுந்தவை என் கணக்கில் வரவில்லை. ஆகவே உண்மையான பலன் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த விதிகளைச் சொல்கிறேன். 100 பெரிய நிறுவனங்கள் அடங்கிய நிஃப்டி 100 பட்டியலில் உள்ள பங்கு மட்டும். அதன் விலை 200 நாள் சராசரிக்கு மேல் இருக்க வேண்டும். 50 நாள் சராசரியும் 200 நாள் சராசரிக்கு மேல் இருக்க வேண்டும். அண்மையில் மூன்று மாத உச்சத்தைத் தொட்டுவிட்டு, குறைந்தது மூன்று நாட்களாவது இறங்கி, 20 நாள் சராசரியை ஒட்டி வந்திருக்க வேண்டும்; ஆனால் 50 நாள் சராசரிக்குக் கீழே ஒரு நாளும் முடிந்திருக்கக் கூடாது. அதன்பின் ஒரு நாள், முந்தைய நாளின் உச்ச விலைக்கு மேல் முடிய வேண்டும். அதுவே சமிக்ஞை நாள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ விலை அந்தச் சமிக்ஞை நாளின் உச்சத்தைத் தாண்டினால் வாங்குவேன். இரண்டு நாளில் தாண்டாவிட்டால் அது என் வர்த்தகம் இல்லை. இறங்கியபோது தொட்ட மிகக் குறைந்த விலைக்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ். 20 வர்த்தக நாட்களில் இலக்கும் வராமல் ஸ்டாப் லாஸும் வராமல் இருந்தால் விற்றுவிடுவேன். காலாண்டு முடிவு வெளியாக ஐந்து வர்த்தக நாட்களுக்குள் இருந்தால் தொட மாட்டேன்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. தொழில்நுட்பப் பகுப்பாய்வு படித்தவர்கள் ஏறுமுகத்தில் வரும் இறக்கத்தில் வாங்குவதைப் பல பெயர்களில் சொல்வார்கள். எனக்கு அது பொருந்தியதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு முடிவும் நாள் முடிந்த பிறகு, நின்றுபோன விலையைப் பார்த்து எடுக்கும் முடிவு என்பதே. ஊரில் 3.30க்குச் சந்தை முடியும்போது எனக்கு மணி 2. நான் தூக்கத்தில் இருப்பேன். 3 மணிக்கு எழுந்து, குளித்துச் சாப்பிட்டு, 4 மணிக்குத் தெளிந்த தலையோடு அரை மணி நேரம் பார்த்தால் போதும். 6 மணிக்குப் பேருந்து. கிடங்குக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை.

ஆனால் தூங்கிக்கொண்டிருப்பவனுக்காக யார் ஆர்டர் போடுவது? அதற்கு முன் கணக்கை ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. 2023 தொடக்கத்தில் தம்பியின் கணக்கை விட்டுவிட்டு, என் பெயரில் சேலம் வங்கிக் கிளையில் வெளிநாட்டு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. சேமிப்புக் கணக்கும் அதையொட்டிய என்.ஆர்.ஐ. டீமேட் மற்றும் வர்த்தகக் கணக்கும் திறந்தேன். ஊரில் இருந்தபோது திறந்த சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கள், வெளிநாட்டு வாழ் இந்தியர் ஆனதும் அதை மாற்றியாக வேண்டும். அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. புதிய கணக்கில் தரகு அதிகம். விற்கும்போது லாபத்தின் மேலான வரியை அப்போதே பிடித்தும்விடுவார்கள். இருந்தாலும் இது என் பெயரில் உள்ள, நானே பதில் சொல்லக்கூடிய கணக்கு.

ஆர்டருக்கு ஜி.டி.டி. என்ற வசதியைப் பயன்படுத்துகிறேன். ஒரு டிரிகர் விலையையும் ஒரு லிமிட் விலையையும் கொடுத்து வைத்தால், சந்தை விலை டிரிகரைத் தொடும்போது, கொடுத்த லிமிட் விலையில் ஆர்டர் தானாகப் போகும். எல்லாத் தரகரும் எல்லா வகை என்.ஆர்.ஐ. கணக்குக்கும் இதைத் தருவதில்லை என்பதால், கணக்குத் திறக்கும் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் அப்போதே முடித்துவிட வேண்டும். டீமேட்டில் உள்ள பங்கை விற்க ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் டி-பின், ஓ.டி.பி. கொடுத்து அனுமதிக்க வேண்டும், டி.டி.பி.ஐ. என்னும் அதிகாரப் பத்திரத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் அது தேவையில்லை. நான் முதலில் கொடுக்கவில்லை. என் முதல் ஸ்டாப் லாஸ் டிரிகர் ஆன காலையில் நான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்க, அனுமதி இல்லை என்ற காரணத்தோடு ஆர்டர் நிராகரிக்கப்பட்டுக் கிடந்தது. அன்று இழப்பு பெரிதில்லை. மறுநாளே பத்திரத்தை அனுப்பிவிட்டேன்.

ஒரு வர்த்தகத்தை முழுதாகச் சொன்னால்தான் விளங்கும். முதலீடு 4,00,000 ரூபாய். ஒரு வர்த்தகத்துக்குச் சேதாரம் 3,000 ரூபாய், அதாவது முக்கால் சதவீதம். 2023இன் பிற்பகுதியில், ஒரு சிமென்ட் நிறுவனப் பங்கு மூன்று மாத உச்சமாக 1,284ஐத் தொட்டுவிட்டு ஆறு நாட்கள் இறங்கியது. தொட்ட மிகக் குறைந்த விலை 1,208. 20 நாள் சராசரி அப்போது 1,214. ஏழாம் நாள், முந்தைய நாளின் உச்சமான 1,226ஐத் தாண்டி 1,231இல் முடிந்தது. அன்றைய உச்சம் 1,236. மாலை 4 மணிக்கு இதைப் பார்த்து, டிரிகர் 1,238, லிமிட் 1,243 என்று வாங்கும் ஜி.டி.டி. போட்டேன். ஸ்டாப் லாஸ் 1,204. எத்தனை பங்கு என்பதை லிமிட் விலையிலிருந்து கணக்கிட வேண்டும். அதுதான் நான் கொடுக்க நேரக்கூடிய அதிகபட்ச விலை. 1,243இலிருந்து 1,204ஐக் கழித்தால் 39. சேதாரம் 3,000ஐ 39ஆல் வகுத்தால் 76 பங்கு. அதன் மதிப்பு ஏறக்குறைய 94,000 ரூபாய். எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்தவன் நான். எவ்வளவு இழக்கச் சம்மதம் என்பதிலிருந்து எண்ணிக்கை வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் கைவந்தது. இலக்கு, 39இன் இரு மடங்கு மேலே, 1,321.

மறுநாள் நான் தூங்கும்போது 1,239இல் வாங்கப்பட்டது. அதற்கு அடுத்த நாள் விலை 1,216 வரை இறங்கியது. பழைய ஆளாக இருந்தால் அங்கே விற்றிருப்பேன். இப்போது விற்க நினைத்தாலும் முடியாது. பங்கு இன்னும் டீமேட்டுக்கு வந்து சேரவில்லை. 2023 ஜனவரி 27 முதல் நம் சந்தையில் எல்லாப் பங்குகளும் டி+1 முறையில், அதாவது வாங்கிய மறு வர்த்தக நாளில் கணக்குத் தீர்க்கப்படுகின்றன. வெளிநாட்டு வாழ் இந்தியர் அது வந்து சேரும்முன் விற்க முடியாது. ஆக வாங்கிய நாளும் மறுநாளும் என் ஸ்டாப் லாஸ் காகிதத்தில்தான் இருக்கும். இந்த இரண்டு நாள் வெறுமையை உள்நாட்டில் இருப்பவர்களுக்கான பாடங்கள் சொல்வதில்லை. ஒரு சதவீதம் என்று பலரும் சொல்லும் சேதாரத்தை நான் முக்கால் சதவீதமாக வைத்ததும், ஒரே நேரத்தில் மூன்று பங்குகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாததும் அதனால்தான். வாங்கியதற்கு மறுநாள் மாலை பங்கு கணக்கில் வந்ததைப் பார்த்தபின், இலக்கு 1,321, ஸ்டாப் 1,204 என்று, எது முதலில் வந்தாலும் விற்கும்படி ஜி.டி.டி.யைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒன்பதாம் நாள் 1,321இல் விற்பனையானது. பங்குக்கு 82 ரூபாய், 76 பங்குக்கு 6,232 ரூபாய். இரு பக்கமும் சேர்த்துப் பங்குப் பரிவர்த்தனை வரி மட்டும் 195 ரூபாய். தரகும் பிற கட்டணங்களும் தனி.

நல்லபடி முடிந்ததைச் சொன்னேன். முடியாததையும் சொல்ல வேண்டும். இன்னொரு பங்கை 640க்கு 107 வாங்கியிருந்தேன். ஸ்டாப் டிரிகர் 612, லிமிட் 609. மூன்றாம் நாள் இரவு அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு மோசமான செய்தி வந்து, காலையில் விலை நேராக 588இல் திறந்தது. டிரிகர் ஆனது, ஆனால் 609க்குக் குறைந்து விற்காதே என்பது நான் கொடுத்த கட்டளை. வாங்குவோர் 588இல் நிற்க, என் ஆர்டர் 609இல் நாள் முழுவதும் காத்திருந்து காலாவதியானது. எழுந்து பார்த்தபோது விலை 581. மறுநாள் தொடக்கத்திலேயே போகும்படி விற்கும் ஆர்டர் போட்டுவிட்டுத் தூங்கினேன், 579இல் போனது. இழப்பு 6,527 ரூபாய், பேசிய சேதாரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

அந்த இழப்பில் ஒரு பகுதி சந்தையின் தன்மை. இரவில் வரும் செய்திக்கு எந்த ஸ்டாப் லாஸும் வேலி ஆகாது. ஒரு பகுதி என் பிழை. டிரிகருக்கும் லிமிட்டுக்கும் இடையில் 5 சதவீத இடைவெளி விட்டு 581 என்று லிமிட் கொடுத்திருந்தால், அன்று காலையே 588ஐ ஒட்டி விற்றிருக்கும். இழப்பு 5,600க்குள் நின்றிருக்கும். லிமிட் 581 என்றால் 581க்குத்தான் விற்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதுவல்ல, 581 வரை எது கிடைத்தாலும் நல்ல விலைக்கே முதலில் போகும். அன்று முதல் விற்கும் பக்கத்தில் 5 சதவீத இடைவெளியும், வாங்கும் பக்கத்தில் மிகக் குறுகிய இடைவெளியும் வைக்கிறேன். வெளியேறுவது எப்படியும் நடக்க வேண்டும். உள்ளே நுழைவது நடக்காமல் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

வாங்கும் பக்கத்தின் குறுகிய லிமிட்டிலும் ஒரு குறை இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். விலை என் லிமிட்டுக்கு மேலே தாவித் திறந்தால் ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும். பிறகு பகலில் வலுவிழந்து இறங்கும்போது நிறைவேறும். அதாவது வலுவாக ஏறுவது எனக்குக் கிடைக்காது, தளர்ந்து இறங்குவது கிடைக்கும். விழித்திருப்பவர் அந்த ஆர்டரை ரத்து செய்துவிடலாம். தூங்குபவருக்கு அது முடியாது. இந்த முறைக்கு நான் தரும் விலையில் ஒரு பகுதியாக இதையும் ஏற்றுக்கொண்டேன். பங்குப் பிரிப்பு, போனஸ் போன்றவை வந்தால் போட்டு வைத்த ஜி.டி.டி. ரத்தாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் ஆர்டர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதே அந்த அரை மணியில் என் முதல் வேலை.

2023 ஜூன் முதல் 2024 மே வரை 34 வர்த்தகங்கள். 14 இலக்கைத் தொட்டன, 15 ஸ்டாப் லாஸில் போயின, மற்ற 5, இருபது நாள் கெடு முடிந்து விற்கப்பட்டன. தரகும் வரியும் போகக் கையில் நின்றது 17,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 4 லட்சத்துக்கு அது வங்கி வைப்பு வட்டியைவிடக் குறைவு; அதுவும் சந்தை நன்றாக ஏறிய ஓர் ஆண்டில். இதைக் கேட்ட அறை நண்பர், இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்றார். அவர் கேட்டது நியாயம். சம்பாதிக்க இதை நம்பி வருபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். என் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போகச் சேர்ந்ததில் பெரும்பகுதி வைப்புத் தொகையிலும் அம்மாவின் பெயரில் போட்ட சீட்டிலும்தான் இருக்கிறது. 2024 ஜூலையில், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வில், 2022-23இல் இன்ட்ராடே வர்த்தகம் செய்த தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் நட்டமடைந்ததாகவும், நட்டமடைந்தவர்களின் வர்த்தக எண்ணிக்கை லாபமடைந்தவர்களைவிட அதிகம் என்றும் இருந்தது. அதை வாசித்தபோது என் 412ஐத்தான் நினைத்துக்கொண்டேன். 14 மாதத்தில் 2,86,000 போன இடத்தில், ஓர் ஆண்டு ஒன்றும் போகாமல் நின்றது எனக்குப் பெரிய செய்தி. காலையில் எட்டேகாலுக்குப் படுத்து மூன்று மணி வரை தூங்குகிறேன் என்பது அதைவிடப் பெரியது.

உண்மையான சோதனை அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் நிஃப்டி 50 குறியீட்டெண் 26,277 என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டு, அடுத்த மார்ச்சில் 22,000க்குக் கீழே வரை இறங்கியது. அக்டோபரில் என் ஸ்டாப் லாஸ்கள் தொடர்ந்து ஐந்து அடிபட்டன. ஐந்தும் சேர்ந்து 16,000 ரூபாய். அதன்பின் பங்குகள் ஒவ்வொன்றாக 200 நாள் சராசரிக்குக் கீழே போகப் போக, என் விதிக்குப் பொருந்துவதே அருகிவிட்டது. நவம்பர் நடுவிலிருந்து நான்கு மாதங்களில் எனக்குக் கிடைத்தவை இரண்டே வர்த்தகங்கள். இன்னும் இறங்கும் என்று எல்லோரும் சொல்லும்போது எதிர்ப்பக்கம் வர்த்தகம் செய்யவும், அடிமட்டம் இதுதான் என்று எல்லோரும் சொல்லும்போது அள்ளிப் போடவும் கை அரித்தது. விதியை ஒரு வரி தளர்த்தினால் நாளுக்கு நான்கு பங்கு கிடைக்கும் என்பதும் தெரியும். 200 நாள் என்பதை 100 நாள் ஆக்கி ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். பிறகு 140 இடங்களையும் எழுதிய அந்தப் பழைய நோட்டை எடுத்து, 2020 பிப்ரவரி, மார்ச் பக்கங்களைப் புரட்டினேன். பெருந்தொற்று வீழ்ச்சியின்போதும் இதேபோல் ஐந்து ஸ்டாப் லாஸ்கள் வரிசையாக அடிபட்டு, அதன்பின் பல வாரங்கள் பக்கம் வெறுமையாக இருந்தது.

அந்த ஜனவரியில் மாமா தொலைபேசியில் பட்டறையில் வேலை எப்படி என்பதைச் சொல்லிவிட்டு, “உன் நோட்டுல என்ன எழுதியிருக்கே?” என்று கேட்டார். தேதி போட்டு “இல்லை” என்று எழுதியிருக்கிறேன் என்றேன். “எத்தனை நாளா?” என்றார். எண்ணிப் பார்த்துப் 19 என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மணி 5.40 ஆகியிருந்தது, அன்றைய தேதியைப் போட்டு இருபதாவது “இல்லை”யை எழுதிவிட்டு, குளிர்காப்பு மேலங்கியை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு இறங்கினேன்.